காணாமல் போன இரண்டு டின்

சமையல் எண்ணெய் மொத்த வியாபாரக் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே வேகமாகப் போகும் சரக்கு, 15 லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் டின். மார்ச் 1 அன்று குடோனில் 20 டின் இருந்தது. அடக்கம் டின்னுக்கு 1,800 ரூபாய். 8ஆம் தேதி 40 டின் வந்தது, 1,950 ரூபாய் வீதம். 12ஆம் தேதி 30 டின் விற்றது. 20ஆம் தேதி இன்னொரு லோடில் 30 டின், இந்த முறை 2,200 ரூபாய். 26ஆம் தேதி 40 டின் விற்றது. எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலான விலை. லாரி வாடகையும் இறக்குக் கூலியும் இதில் சேர்ந்தவை. மார்ச் 31 இரவு கடையை அடைத்துவிட்டு எண்ணிப் பார்த்தால் 18 டின் இருக்கிறது.

அந்த மாதம் விற்ற சரக்கின் அடக்கம் எவ்வளவு? இதற்கு இரண்டு வழிகளில் விடை காணலாம். இரண்டும் ஒரே விடையைத் தருவதில்லை என்பதைவிட, ஒன்று சொல்லும் ஒரு செய்தியை இன்னொன்று சொல்லவே சொல்லாது என்பதுதான் கடைக்காரர் கவனிக்க வேண்டியது.

முதல் வழி, நம் ஊர்க் கடைகளில் காலங்காலமாக இருப்பது. சரக்கு வாங்கினால் கொள்முதல் கணக்கில் எழுதுவார்கள். விற்றால் விற்பனைக் கணக்கில் எழுதுவார்கள். விற்ற சரக்கின் அடக்கம் என்ன என்று அன்றன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை. வருடக் கடைசியிலோ மாதக் கடைசியிலோ ஸ்டாக் எடுத்து, ஆரம்ப இருப்போடு கொள்முதலைக் கூட்டி, அதிலிருந்து இறுதி இருப்பைக் கழிப்பார்கள். மிஞ்சுவது விற்ற சரக்கின் அடக்கம். குறித்த காலத்துக்கு ஒருமுறை எண்ணுவதால் இது காலமுறை இருப்புக் கணக்கு.

நம் கடைக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். ஆரம்ப இருப்பு 36,000, கொள்முதல் 78,000, பிறகு 66,000. ஆக 90 டின், 1,80,000 ரூபாய். சராசரி அடக்கம் 2,000. கையில் இருக்கும் 18 டின்னுக்கு 36,000. கழித்தால் விற்ற சரக்கின் அடக்கம் 1,44,000 ரூபாய்.

கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் 1,44,000 என்பது 72 டின்னின் அடக்கம். கடை விற்றதோ 70 டின்தான்.

குடோனில் இல்லாததெல்லாம் விற்றுப்போனது என்று இந்த முறை எடுத்துக்கொள்கிறது. அதற்கு வேறு வழியும் இல்லை. ஒழுகிய டின், களவு போன டின், முதலாளி வீட்டு விசேஷத்துக்கு எடுத்துப்போய் எழுத மறந்த டின் எல்லாம் ‘விற்ற சரக்கு’ என்ற வரிக்குள்ளே போய்விடும். அந்த மாத விற்பனை 1,55,000 ரூபாய் என்றால் மொத்த லாபம் 11,000 என்று தெரியும். “இந்த மாசம் மார்ஜின் குறைஞ்சுபோச்சு, கம்பெனி விலையை ஏத்திட்டான்” என்று கடைக்காரர் சொல்லிக்கொள்வார். விலை ஏறியது உண்மைதான் என்பதால் அந்தக் காரணம் நம்பும்படியாகவும் இருக்கும். இரண்டு டின் போன இடத்தை யாரும் தேட மாட்டார்கள்.

இரண்டாவது வழியில் ஒவ்வொரு விற்பனைக்கும் இரண்டு பதிவுகள். பணம் வந்தது, விற்பனை நடந்தது என்பது ஒன்று. இருப்பிலிருந்து சரக்கு குறைந்தது, அதன் அடக்கம் செலவில் ஏறியது என்பது மற்றொன்று. இது தொடர் இருப்புக் கணக்கு. 8ஆம் தேதி லோடு வந்ததும் 60 டின், 1,14,000 ரூபாய், டின் 1,900. எனவே 12ஆம் தேதி விற்ற 30 டின்னின் அடக்கம் 57,000. மீதி 30 டின்னோடு 20ஆம் தேதிச் சரக்கு சேர்ந்ததும் சராசரி 2,050 ஆகிறது. 26ஆம் தேதி விற்ற 40 டின்னுக்கு 82,000. மொத்தம் 1,39,000. புத்தகப்படி இருக்க வேண்டியது 20 டின்.

எண்ணியபோது இருந்தது 18. குறைந்த இரண்டு டின்னின் மதிப்பு 4,100 ரூபாய். அது ‘இருப்புக் குறைவு’ என்று தனிக் கணக்கில் நிற்கிறது. வியாபாரத்தில் கிடைத்த மொத்த லாபம் 16,000, குறைவால் போனது 4,100 என்று இரண்டும் தனித்தனியாகத் தெரிகின்றன. விலையை மாற்ற வேண்டுமா, குடோன் சாவியை யார் வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமா என்பதை இப்போதுதான் முடிவு செய்ய முடியும்.

குறைவையும் சேர்த்தால் இங்கே 1,43,100, அங்கே 1,44,000. இந்த 900 ரூபாய் எங்கிருந்து வந்தது? முதல் முறையில் 12ஆம் தேதி விற்ற டின்னின் அடக்கத்திலும், 20ஆம் தேதி ஏறிய விலை சராசரியாகக் கலந்துவிட்டது. இரண்டாவது முறையில் விற்ற அன்று இருந்த சராசரிதான் சேரும். முதலில் வந்தது முதலில் போனது என்று கணக்கிட்டால் இந்த வேறுபாடே வராது. இரண்டு முறையிலும் குறைவு உட்பட 1,40,400தான் வரும்.

கம்ப்யூட்டர் பில் போடுகிற கடை தானாகவே தொடர் முறைக்கு வந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். பில் போடும்போது எண்ணிக்கை குறையும், சரி. ஆனால் சரக்கு இருப்பையும் கணக்கையும் இணைக்காமல் வைத்திருந்தால், வருடக் கடைசியில் யாரோ ஒரு இறுதி இருப்புத் தொகையைக் கையால் ஏற்றுவார்கள். அப்படியானால் லாபநட்டக் கணக்கு பழைய முறையில்தான் ஓடுகிறது. அந்த ஒரு தொகையில் 66,000 கூடினால் லாபமும் அதே 66,000 கூடும். மார்ச் 30 அன்று இறங்கிய லோடை எண்ணிக்கையில் சேர்த்துவிட்டு, அதன் பில்லை ஏப்ரல் 2ஆம் தேதி கொள்முதலாகப் போட்டால் இதுதான் நடக்கும். கூடிய லாபத்துக்கு இந்த வருடம் வரி கட்ட வேண்டும்; அடுத்த வருட லாபம் அதே அளவு குறையும். ஸ்டாக் எடுக்கும் அன்று கடைசியாக வந்த சரக்கு பில்லின் எண்ணையும் கடைசியாகப் போட்ட விற்பனை பில்லின் எண்ணையும் தாளின் மேலே குறித்து வைப்பது இதற்காகத்தான்.

தொடர் முறையிலும் புத்தகம் சொல்வது, அதில் ஏற்றியதை மட்டுமே. சூரியகாந்தி டின்னைக் கொடுத்துவிட்டுப் பாமாயில் என்று பில் போட்டால் ஒன்று குறையும், மற்றது அதே எண்ணிக்கையில் கூடும். இப்படி ஜோடியாக வரும் வித்தியாசம் களவு அல்ல, பில் தவறு. இருப்பு மைனஸில் போனால், வந்த சரக்கை இன்னும் ஏற்றவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போகும் சரக்கைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஆகவே இந்த முறையிலும் எண்ணாமல் தீராது. ஆனால் கடையை அடைத்து எல்லாவற்றையும் ஒரே இரவில் எண்ண வேண்டியதில்லை. வாரத்துக்கு நாலைந்து சரக்கு, கடை திறக்கும் முன் எண்ணினால் போதும்.

இணக்க வரித் திட்டத்தில் இல்லாத, ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரிக்கு எண்ணிக்கை அளவிலாவது தொடர் கணக்கு விருப்பத்துக்கு விட்ட விஷயம் அல்ல. விதி 56இன் இரண்டாவது உட்பிரிவு, ஒவ்வொரு சரக்குக்கும் ஆரம்ப இருப்பு, வரவு, விற்பனை, மீதி ஆகியவற்றோடு தொலைந்தது, களவு போனது, அழிந்தது, இலவசமாகக் கொடுத்தது ஆகியவற்றையும் எழுதி வைக்கச் சொல்கிறது. அப்படித் தொலைந்த சரக்குக்கு வாங்கும்போது கட்டிய வரியை வரவு எடுக்க முடியாது என்கிறது சட்டத்தின் 17(5) பிரிவு. சமையல் எண்ணெய்க்கு 5 சதவீத வரி. அந்த இரண்டு டின்னுக்கு ஏறத்தாழ 205 ரூபாய் உள்ளீட்டு வரியைத் திருப்பிவிட வேண்டும். விற்ற 70 டின்னோடு அவற்றைக் கலந்துவிட்ட கணக்கில் அந்தத் தொகையைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.