கோட்டைச் சுற்றி இரண்டு பட்டைகள்

புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பழைய பதிவு ஒன்று உண்டு. 1920-களில் ஓடிய கார்களின் வேகத்தையும், பிரேக் பிடித்தபின் அவை நிற்க எடுத்துக்கொண்ட தூரத்தையும் சொல்லும் 50 அளவீடுகள் அதில் இருக்கின்றன. ஆர் மென்பொருளில் `cars` என்று தட்டினால் அப்படியே திரையில் வந்து நிற்கும்.

இந்தப் புள்ளிகளின் நடுவே ரெக்ரெஷன் கோடு போட்டால், மணிக்கு 15 மைல் வேகத்தில் வரும் கார் சுமார் 41 அடியில் நிற்கும் என்று அது சொல்கிறது. அந்த இடத்தில் 95 சதவீத நம்பிக்கைப் பட்டை 37 முதல் 46 அடி வரை. ஆனால் பதிவில் அதே வேகத்தில் வந்த மூன்று கார்களும் 20, 26, 54 அடியில் நின்றிருக்கின்றன. ஒன்றுகூடப் பட்டைக்குள் இல்லை!

கணக்கில் பிழை ஏதுமில்லை. நம்பிக்கைப் பட்டை தனிக் காரைப் பற்றிப் பேசவே இல்லை. 15 மைலில் வரும் கார்கள் அனைத்தின் சராசரி எங்கே இருக்கும் என்பதை மட்டுமே சொல்கிறது. அடுத்து வரும் ஒரு கார் எங்கே நிற்கும் என்று கேட்டால் கணிப்புப் பட்டையைத்தான் பார்க்க வேண்டும். அது 10 முதல் 73 அடி வரை விரிகிறது. மூன்று கார்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

ஏன் இவ்வளவு அகலம்? கோடு இருக்கும் இடத்திலேயே நமக்குச் சிறு ஐயம் உண்டு. இங்கே அதன் திட்டப்பிழை 2.2 அடி. அதற்கு மேல், டயர், சாலை, ஓட்டுநர் என்று ஒவ்வொரு காரும் தன் காரணங்களால் கோட்டைவிட்டு விலகுகிறது; அந்தச் சிதறல் 15.4 அடி. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 15.5 வரும். அதைச் சுமார் இரண்டால் பெருக்கினால் கிடைப்பதே பட்டையின் பாதி அகலம். ஏறத்தாழ முழுவதும் கார்களின் சிதறல்தான்.

அதனால்தான் 50 அளவீட்டை 5,000 ஆக்கினாலும் கணிப்புப் பட்டை பெரிதாகச் சுருங்காது. நம்பிக்கைப் பட்டையோ பத்தில் ஒரு பங்காகிவிடும். அளவீடு கூடக் கூடக் கோடு எங்கே என்பது துல்லியமாகும். கார்களின் குணம் மாறாது.

கணிப்புப் பட்டைக்கும் எல்லை உண்டு. 4 மைல் வேகத்தில் அதன் கீழ்விளிம்பு பூஜ்யத்துக்கும் கீழே இறங்குகிறது. நிற்கும் தூரம் அப்படி இருக்க முடியாதே! சிதறல் எல்லா வேகத்திலும் ஒன்றே என்று கணக்கு எடுத்துக்கொண்டதும் இதற்கு ஒரு காரணம். உண்மையில் வேகம் கூடினால் சிதறலும் கூடுகிறது.

வரைபடங்களில் கோட்டைச் சுற்றித் தெரியும் சாம்பல் நிழல் பெரும்பாலும் நம்பிக்கைப் பட்டைதான். சந்தேகம் வந்தால் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். கார்கள் பதிவின் கணிப்புப் பட்டைக்கு வெளியே 50-ல் இரண்டே புள்ளிகள் நிற்கின்றன. பாதிக்கு மேல் வெளியே சிதறிக் கிடந்தால், அந்த நிழலை வைத்து முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விடுவது என்று முடிவு செய்யாதீர்கள்.