புதைமணல் ஏன் இடுப்போடு நின்றுவிடுகிறது?

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் மோர்கம் விரிகுடா இருக்கிறது. ஓதம் இறங்கியதும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஈர மணல்தான். சுமார் 300 சதுர கிலோமீட்டர். 1857-ல் ரயில் பாதை வரும்வரை குதிரை வண்டிகள் இந்த மணலைக் குறுக்கே கடந்துதான் ஊர்விட்டு ஊர் போயின. பயணிகளுக்கு வழிகாட்டவென்றே அரசு ஒருவரை நியமித்தது. பதினாறாம் நூற்றாண்டில் தொடங்கிய அந்தப் பதவி இன்னும் எடுக்கப்படவில்லை. 1963 முதல் 2019 வரை அதில் இருந்தவர் செட்ரிக் ராபின்சன் என்ற மீனவர். சம்பளம் ஆண்டுக்கு 15 பவுண்டு. குடியிருக்க ஒரு வீடும் உண்டு.

மக்களைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முன் அவர் தடியும் கையுமாகப் போய்ப் பாதையைச் சோதித்துவிட்டு வருவார். கால் தாங்கும் இடங்களில் லாரல் மரக் கிளைகளை நட்டு அடையாளம் வைப்பார். அரை நூற்றாண்டு அந்த மணலில் நடந்தவருக்கு இது எதற்கு என்று தோன்றலாம். போன வாரம் வண்டியையே தாங்கிய இடம் இந்த வாரம் ஆளை விழுங்கப் பார்க்கும். நேற்று கால் புதைந்த இடத்தில் இன்று பந்து விளையாடலாம். மணல் அதே மணல்தான். ஆக, புதைமணல் என்று தனியாக ஒரு ரகம் கிடையாது. சாதாரண மணல் சில நேரங்களில் அடையும் ஒரு நிலைமைக்குத்தான் அந்தப் பெயர்.

அந்த நிலைமை எப்படி வருகிறது என்று பார்க்க, மணல் நம்மை எப்படித் தாங்குகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மணலில் நிற்கும்போது நம் எடையைச் சுமப்பவை ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கும் குருமணிகள். மேலிருப்பது கீழிருப்பதை அழுத்துகிறது. அழுத்தம் இருப்பதால் உராய்வு இருக்கிறது. உராய்வு இருப்பதால் மணிகள் நழுவாமல் நிற்கின்றன. மணலுக்குப் பசை இல்லை; அதன் பலமெல்லாம் இந்த அழுத்தத்திலிருந்து வருவதுதான். இடைவெளிகளில் இருக்கும் தண்ணீருக்கும் அழுத்தம் உண்டு, ஆனால் தண்ணீரில் உராய்வு கிடையாது. அதனால் மொத்த எடையில் தண்ணீர் ஏற்றுக்கொள்ளும் பங்கைக் கழித்துவிட்டு, மணிக்கு மணி கடத்தப்படும் மீதி எவ்வளவு என்பதுதான் கேள்வி. அந்த மீதியைப் பொறியாளர்கள் பயனுறு தகைவு என்கிறார்கள். ஆஸ்திரியப் பொறியாளர் கார்ல் டெர்சாகி 1925-ல் வெளியிட்ட நூலில் தொடங்கி, இன்றைய மண் இயக்கவியல் முழுக்க இந்தக் கழித்தல் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நீர் நிறைந்த மணல் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன் எடை. ஆகவே மணல் பரப்பிலிருந்து ஒரு மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர மீட்டரின் மேலும் இரண்டு டன் அமர்ந்திருக்கிறது. தண்ணீர் பரப்பு வரை நின்று அசையாமல் இருந்தால், அந்த ஆழத்தில் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஒரு டன். இரண்டில் ஒன்று போக மீதி ஒரு டன் மணிகளின் பங்கு. இந்த மணல் உறுதியானது, நம்பி நடக்கலாம்.

இப்போது அடியிலிருந்து தண்ணீர் மேல்நோக்கிக் கசியத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே அழுத்தம் கூடுதலாக இருந்தால்தான் தண்ணீர் மேலே ஏறும். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகினால், அதில் தண்ணீர் மணல் பரப்போடு நிற்காமல் மேலே ஏறி நிற்கும். அரை மீட்டர் ஏறி நின்றால் தண்ணீரின் அழுத்தம் ஒன்றரை டன். மணிகளுக்கு மிஞ்சுவது அரை டன். ஒரு மீட்டர் ஏறி நின்றால் தண்ணீரின் பங்கு இரண்டு டன் ஆகிவிடுகிறது. இரண்டில் இரண்டு போனால் பூஜ்யம். மணிகள் ஒன்றையொன்று அழுத்தவில்லை, எனவே உராய்வு இல்லை, பலமும் இல்லை. மணல் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் இப்போது அது ஒரு கனத்த திரவம்.

ஆழம் இரண்டு மீட்டர் என்றாலும் இதே விகிதம்தான்: மணலின் தடிமன் எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு உயரத்துக்குக் குழாயில் தண்ணீர் எழும்பினால் மணல் பிடியை விட்டுவிடும். கூழாங்கல்லுக்கும் இதே விதி பொருந்தும். ஆனால் பெரிய கற்களின் இடைவெளியில் தண்ணீர் சரசரவென்று ஓடிவிடும் என்பதால், அந்த அழுத்தத்தைத் தக்கவைக்க வெள்ளம்போலத் தண்ணீர் வேண்டும். நுண்மணலில் நொடிக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் கசிவு இருந்தாலே போதும், கண்ணுக்கே தெரியாது. புதைமணல் பெரும்பாலும் நுண்மணலில் அமைவது இதனால்தான். மோர்கம் விரிகுடாவில் கடல் பத்து மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். கடல் மட்டம் சட்டென்று இறங்கிவிடுகிறது, மணல் திட்டுக்குள் புகுந்த தண்ணீரால் அதே வேகத்தில் இறங்க முடிவதில்லை. அது பள்ளமான ஓடைகளை நோக்கிக் கசிந்து, ஓடைக் கரையோரம் மேலே எழும்புகிறது. ஓடைகளோ இடம் மாறிக்கொண்டே இருப்பவை. தடியும் லாரல் கிளையும் ஒவ்வொரு முறையும் தேவைப்பட்டது இதற்காகத்தான்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியில் துளை போட்டு, கசியாதபடி தோட்டத்துக் குழாயைப் பொருத்துங்கள். அடியில் நான்கு விரல் உயரம் ஜல்லி, அதன் மேல் ஒரு துணி, துணிக்கு மேல் ஒரு சாண் உயரம் சலித்த மணல். மணலை நனைத்து, நடுவில் ஒரு பிளாஸ்டிக் பந்தைப் புதைத்துவிட்டு, மேலே ஒரு கருங்கல்லை நிறுத்தி வையுங்கள். குழாயை மெல்லத் திறந்தால் முதலில் ஒன்றும் நடக்காது. தண்ணீர் மணல் வழியாக ஊறி விளிம்பில் வழியும். இன்னும் சற்றுத் திறந்தால் மணல் பரப்பு லேசாக உப்பும். அங்கங்கே சின்னக் கொப்புளங்கள்போல மணல் துள்ளும். கல் ஒரு பக்கம் சாய்ந்து, திடீரென்று உள்ளே போய்விடும். அதே நேரத்தில் புதைத்த பந்து மேலே வந்து மிதக்கும். குழாயை மூடிய சில நொடிகளில் மணல் இறுகிவிடும். கல்லை எடுக்கத் தோண்டத்தான் வேண்டும்.

கல்லும் பந்தும் ஒரே மணலில் எதிரெதிர்த் திசையில் போனதில்தான் நம் கேள்விக்கு விடை இருக்கிறது. மணல் திரவமாகிவிட்டது என்றால் ஆர்க்கிமிடீஸ் விதி அதற்கும் உண்டு. ஆனால் இந்தத் திரவத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல் இரண்டு மடங்கு. மனித உடலின் அடர்த்தியோ கிட்டத்தட்டத் தண்ணீரின் அளவுதான். அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் உடல் பருமன் சுமார் 60 லிட்டர். அவரைத் தாங்க 60 கிலோ புதைமணல் இடம்பெயர வேண்டும். அதற்கு 30 லிட்டர் போதும். இரண்டு கால்களும் சேர்ந்து 20 லிட்டர் அளவுக்கு வரும். மீதி 10 லிட்டருக்கு இடுப்பும் அடிவயிறும் அமிழ்ந்தால் கணக்கு சரியாகிவிடும். அதற்குமேல் புதைய வேண்டுமானால் யாராவது மேலே நின்று அழுத்த வேண்டும். சினிமாவில் வில்லன் தொப்பியை மட்டும் விட்டுவிட்டு மறைவது இயற்பியலுக்குப் பிடிக்காத காட்சி.

2005-ல் ஆம்ஸ்டர்டாமில் டேனியல் பான் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஈரானின் கும் நகருக்கு அருகிலுள்ள உப்பு ஏரிப் பகுதியின் புதைமணலை ஆய்வுக்கூடத்தில் வைத்து, மனித உடலின் அடர்த்தியுள்ள உருண்டைகளை அதன் மேல் வைத்தார்கள். எவ்வளவு குலுக்கியும் அவை பாதிக்கு மேல் அமிழவில்லை. அவர்கள் கண்ட இன்னொரு விஷயம்தான் மாட்டிக்கொண்டவருக்கு முக்கியம். அந்த மணலில் களியும் உப்பும் கலந்திருக்கும். அசைத்ததும் அது இளகி, பிறகு இரண்டாகப் பிரிகிறது: மேலே தண்ணீர், கீழே தண்ணீரை இழந்து நெருக்கமாக இறுகிய மணல். கால் இருப்பது இந்த இறுகிய பகுதியில். அங்கிருந்து நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் காலை உருவ, ஒரு நடுத்தரக் காரைத் தூக்கும் அளவு விசை வேண்டும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

காலைத் தூக்கும்போது பாதத்தின் அடியில் ஒரு வெற்றிடம் உண்டாகப் பார்க்கும். அதை நிரப்ப மணிகளுக்கிடையே தண்ணீர் ஊறி வர வேண்டும், நுண்மணலில் அது மெதுவாகத்தான் வரும். அதற்குள் நாம் இழுத்தால், வெளியிலிருக்கும் அழுத்தம் காலைக் கீழே பிடித்துக்கொள்கிறது. கயிறு கட்டி வாகனத்தால் இழுத்தால் மணல் விடுவதற்கு முன் இடுப்பு மூட்டு விட்டுப்போகும். மெதுவாகக் காலைச் சின்னச் சின்ன வட்டமாக ஆட்டினால் தண்ணீர் உள்ளே இறங்க வழி கிடைக்கும். உடலைப் பின்னால் சாய்த்து மல்லாந்து படுத்தால் எடை பரவும், கால் ஒவ்வொன்றாக மேலே வரும். மோர்கம் கரையின் மீட்புப் படையினர் ஒரு நீண்ட குழாயைக் காலை ஒட்டி மணலுக்குள் செலுத்தித் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். மணலைப் புதைமணலாக்கியது தண்ணீர். புதைந்தவரை விடுவிப்பதற்கும் தண்ணீரேதான்.

அப்படியானால் புதைமணலில் யாரும் சாவதில்லையா? சாகிறார்கள், ஆனால் மூழ்கி மறைந்து அல்ல. இடுப்போடு மாட்டி நிற்பவர்மேல் ஓதம் திரும்பி வந்துவிடும். மோர்கமில் 2004 பிப்ரவரி 5 இரவு, மட்டி பொறுக்கப் போன சீனத் தொழிலாளர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தது திரும்பி வந்த கடலால்தான்.

நம் கடலோர ஊர்களில் உறை கிணறு இறக்குபவர்களுக்கு இது வேறு பெயர் இல்லாமலே பழக்கமான சங்கதி. உறைக்குள் தண்ணீரை மும்முரமாக இறைத்துவிட்டுத் தோண்டுவார்கள். உள்ளே நீர்மட்டம் தாழ்ந்ததும் வெளியிலிருக்கும் தண்ணீர் உறையின் அடியைச் சுற்றிவந்து தரையிலிருந்து மேலே எழும்பும். ஓர் இடத்தில் மணல் கஞ்சி கொதிப்பதுபோலப் பொங்கத் தொடங்கும். எவ்வளவு அள்ளினாலும் பள்ளம் ஆழமாகாது; அள்ளிய மணலுக்கு ஈடாக வெளியிலிருந்து மணல் வந்துவிடும். கிணற்றைச் சுற்றியுள்ள தரை உள்வாங்கும், உறை ஒரு பக்கம் சாயும். பொங்கத் தொடங்கியதும் செய்ய வேண்டியது மேலும் வேகமாக இறைப்பதல்ல. ஆளை மேலே ஏற்றிவிட்டு, இறைப்பதை நிறுத்தி, உள்ளே தண்ணீரை ஏறவிடுவதுதான். உள்ளும் வெளியும் ஒரே மட்டத்துக்கு வந்தால் மேல்நோக்கிய கசிவு நின்றுவிடும், மணல் அடங்கிவிடும். ஆற்றுப் பாலங்களுக்குக் கிணற்று அஸ்திவாரம் இறக்கும்போதும் பெரும்பாலும் உள்ளே தண்ணீரை நிற்க விட்டே, தொங்கும் வாளிப்பொறியால் அடி மணலை அள்ளி வெளியே கொட்டுகிறார்கள்.