இணைப்பு முனைகள் – 11: பதினைந்தாம் பின்

பழைய பிரிண்டர் கேபிளின் இரண்டு முனைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கம்ப்யூட்டர் பக்கம் 25 பின் கொண்ட, டி எழுத்தைப் போல ஒருபுறம் குறுகிய முனை, இருபக்கமும் திருகாணி. பிரிண்டர் பக்கம் 36 தகடுகள் வரிசையாக நிற்கும் அகன்ற முனை. அதை இரண்டு கம்பிக் கொக்கிகள் பிடித்துக்கொள்ளும். சென்ற வாரம் பார்த்த சீரியல் போர்ட்டிலும் இதே 25 பின் டி முனைதான். கம்ப்யூட்டரின் முதுகில் ஆண் முனை என்றால் சீரியல், பெண் முனை என்றால் பாரலல் என்பது நினைவிருந்தால் மேலே போகலாம்.

36 பின் முனைதான் மூத்தது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இயங்கிய சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1970-இல் தன் மாடல் 101 பிரிண்டரோடு இதை அறிமுகப்படுத்தியது. சென்ட்ரானிக்ஸ், வாங் லேபரட்டரீஸ் நிறுவனத்திலிருந்து கிளைத்தது. வாங் தன் பழைய கால்குலேட்டர் ஒன்றுக்காக வாங்கிய ஆம்ஃபினால் கனெக்டர்களில் 20,000 மிஞ்சிக் கிடந்தன, அதனாலேயே இந்த முனை தேர்ந்தெடுக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. பிற்பாடு உலகமெங்கும் பிரிண்டரின் பின்புறத்தை நிரப்பிய ஒரு வடிவம், கிடங்கில் கிடந்த சரக்கிலிருந்து வந்திருக்கிறது.

36 இணைப்புகள் எதற்கு? பெரும்பாலும் தரைக்கம்பிகளுக்காக. முதல் 12 பின்களில் செல்லும் ஒவ்வொரு சிக்னலுக்கும் 19 முதல் 30 வரையிலான பின்களில் தனித்தனியே ஒரு தரைக்கம்பி உண்டு. சிக்னல் கம்பியையும் அதன் தரைக்கம்பியையும் ஜோடியாக முறுக்கிவிட்டால் பக்கத்துக் கம்பியின் மின்துடிப்பு இதில் ஏறாது. 1981-இல் ஐபிஎம் பி.சி. வந்தபோது இந்த அகன்ற முனைக்கு அட்டையின் பின்தகட்டில் தாராளமான இடம் இல்லை. ஐபிஎம் பொறியாளர்கள் சிக்னல்களை எண்ணினார்கள்: எழுத்தைச் சுமக்கும் கம்பிகள் 8, கம்ப்யூட்டர் இடும் கட்டளைகள் 4, பிரிண்டர் திருப்பிச் சொல்லும் நிலைகள் 5. ஆக 17. தரைக்கம்பிகளை எட்டாகச் சுருக்கினால் 25. டி முனை கச்சிதமாகப் பொருந்தியது. அன்று முதல் ஒரு பக்கம் 25, மறுபக்கம் 36 என்ற கேபிள் வழக்கத்துக்கு வந்தது.

இந்தக் கம்பிகளில் நடக்கும் உரையாடல் எளிமையானது. கம்ப்யூட்டர் ஓர் எழுத்தின் எட்டு பிட்டுகளை 2 முதல் 9 வரையிலான பின்களில் வைக்கும். அவை நிலைபெற அரை மைக்ரோ நொடி விட்டு, 1-ஆம் பின்னான ஸ்ட்ரோபைக் குறைந்தது அரை மைக்ரோ நொடி கீழே இறக்கும். பிரிண்டர் உடனே 11-ஆம் பின்னை உயர்த்தி, கை ஓயவில்லை என்று சொல்லும். எழுத்தை உள்வாங்கியதும் 10-ஆம் பின்னில் ஒரு குறுந்துடிப்பு தந்துவிட்டு 11-ஐ இறக்கும். அடுத்த எழுத்து வரலாம்.

மிச்சமிருக்கும் மூன்று நிலைச் சிக்னல்கள் இந்த வாரத்துக்குரியவை. 12-ஆம் பின் உயர்ந்தால் காகிதம் தீர்ந்தது. 13-ஆம் பின் உயர்ந்திருந்தால் பிரிண்டர் ஆன்லைனில் இருக்கிறது. 15-ஆம் பின் இறங்கினால் ஏதோ கோளாறு. 36 பின் முனையில் இது 32-ஆம் எண். என்ன கோளாறு என்று அது சொல்லாது. பிரிண்டர் டிரைவர் மற்ற இரண்டையும் பார்த்து ஊகிக்க வேண்டும். 12 உயர்ந்திருந்தால் காகிதம் இல்லை. 13 இறங்கியிருந்தால் ஆஃப்லைன். காகிதம் இருக்கிறது, ஆன்லைனிலும் இருக்கிறது, ஆனாலும் 15 கோளாறு என்கிறது என்றால்? லினக்ஸின் பாரலல் பிரிண்டர் டிரைவர் இந்த இடத்தில் எழுதும் செய்தி உலகப் புகழ் பெற்றது:

```
lp0 on fire
```

பிரிண்டர் தீப்பற்றி எரிகிறது என்று பொருள். பெரிய கணினிக் கூடங்களின் அதிவேக லைன் பிரிண்டர்களில் காகிதம் சிக்கி, உருளை மட்டும் சுழன்றுகொண்டே இருந்தால் உராய்விலேயே தீப்பிடிக்கக்கூடும், அந்த அச்சத்தின் எச்சம் இது என்று சொல்வதுண்டு. டிரைவர் நெருப்பைப் பார்ப்பதில்லை. மூன்று கம்பிகளின் ஒரு சேர்க்கையைத்தான் பார்க்கிறது. அந்தச் சேர்க்கை நெருப்பில்லாமலும் எளிதில் நேரும். எப்சனின் பழைய பிரிண்டர்கள் பலவற்றில் 13-ஆம் பின் ஒரு ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டோடு நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும். எப்போதும் ஆன்லைன் என்றே சொல்லும். ஆஃப்லைனுக்குப் போகும்போது இறங்குவது 15 மட்டுமே. முன்பலகையில் ஆன்லைன் பட்டனை ஒருமுறை தட்டி நிறுத்தினாலே போதும், டிரைவரின் கணக்கில் பிரிண்டர் எரிகிறது.

இனி யு.எஸ்.பி. இதில் கம்பிகள் நான்குதான்: மின்சாரம் ஒன்று, தரை ஒன்று, தரவுக்கு இரண்டு. 25-ஐ நான்காக நேரடியாக இணைக்க வழியில்லை. எனவே யு.எஸ்.பி. பிரிண்டர் கேபிள் என்று விற்கப்படுவது வெறும் கேபிள் அல்ல. அதன் தடித்த முனைக்குள் ஒரு சில்லு இருக்கிறது. ப்ரொலிஃபிக் நிறுவனத்தின் பி.எல்-2305 பரவலாகக் கிடைப்பவற்றுள் ஒன்று. இந்தச் சில்லு கம்ப்யூட்டரிடம் தன்னைப் போர்ட் என்று அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை, பிரிண்டர் என்றே சொல்லிக்கொள்கிறது. யு.எஸ்.பி. விதிகளில் பிரிண்டர்களுக்கென ஒரு வகுப்பு உண்டு, அதன் எண் 7. அந்த வேடத்தில் வரும் எழுத்துகளை வாங்கி, மறுபக்கம் ஸ்ட்ரோபையும் 11-ஆம் பின்னையும் தானே பார்த்துக்கொள்கிறது.

பிரிண்டர் வகுப்பின் விதிகள், 2000-இல் வெளிவந்த 1.1 பதிப்பின்படி, மூன்றே மூன்று தனிக் கட்டளைகளைத்தான் வரையறுக்கின்றன: பெயரைக் கேள், நிலையைக் கேள், மறுதொடக்கம் செய். நிலையைக் கேட்டால் ஒரு பைட் பதிலாக வரும். அதில் பொருளுள்ள பிட்டுகள் மூன்றுதான். 5-ஆம் பிட் காகிதம் தீர்ந்ததைச் சொல்லும், 4-ஆம் பிட் ஆன்லைனை, 3-ஆம் பிட் கோளாறின்மையை. அதாவது பின் 12, பின் 13, பின் 15. ஐபிஎம் பி.சி.யின் பாரலல் போர்ட்டில் 0x379 முகவரியில் படித்தாலும் இதே மூன்றும் இதே 5, 4, 3 இடங்களில்தான் இருக்கும். கம்பிகள் போய்விட்டன, கம்பிகளின் வரிசை மட்டும் நின்றுவிட்டது. பாரலல் முனையைக் கண்ணால் கண்டிராத பிரிண்டரும் யு.எஸ்.பி.யில் நிலையைக் கேட்டால் இந்த மூன்று பின்களின் மொழியில்தான் பதில் சொல்லவேண்டும். தன் நிலையை அறிய முடியாத பிரிண்டர் காகிதம் உண்டு, ஆன்லைன், கோளாறில்லை என்றே சொல்லிவிடலாம் எனவும் விதி அனுமதிக்கிறது. அந்தப் பதில் 0x18.

1980களின் எப்சன் எல்.எக்ஸ்-800 போன்ற ஒரு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை இன்றைய கம்ப்யூட்டரில் இணைப்பதாக வைத்துக்கொள்வோம். அடாப்டர் இரண்டு வகை. ஒன்றில் 36 பின் ஆண் முனை இருக்கும், பிரிண்டரில் நேரே செருகலாம். மற்றதில் 25 பின் பெண் முனை. பழைய கேபிளை அதில் மாட்டவேண்டும். முதல் வகையே மேல். பழைய கேபிள்களில் தகடு தளர்ந்தோ ஒரு கம்பி அறுந்தோ இருப்பது சகஜம், அது ஒழியும். எட்டு தரவுக் கம்பிகளில் ஒன்று அறுந்தால் அச்சு நிற்காது, எழுத்துகள்தான் ஓர் ஒழுங்கோடு மாறும். உதாரணமாக 2-ஆம் பின்னின் கம்பி அறுந்து, பிரிண்டர் அதை எப்போதும் 1 என்று படித்தால் B எல்லாம் C ஆகும், A அப்படியே இருக்கும். இப்படி ஒழுங்காகப் பிழைத்தால் பிழை டிரைவரில் இல்லை, கம்பியில்.

விண்டோஸில் செருகியதும் யு.எஸ்.பி. பிரிண்டிங் சப்போர்ட் என்ற பெயரில் ஒரு சாதனம் தோன்றும், USB001 என்ற போர்ட்டும் உருவாகும். பிரிண்டரின் பெயர் மட்டும் வராது. இதைக் கோளாறு என்று எண்ணி அடாப்டரைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பெயரைக் கேட்கும் முறை 1994-இன் ஐ.ஈ.ஈ.ஈ. 1284 தரத்தோடு வந்தது. அதற்கு முந்தைய பிரிண்டருக்கு அந்தக் கேள்வியே புரியாது. ஆகவே பிரிண்டரைக் கையால் சேர்த்து, போர்ட்டாக USB001-ஐத் தேர்ந்தெடுத்து, எப்சன் 9 பின் டிரைவரோ Generic / Text Only டிரைவரோ கொடுக்கவேண்டும். LPT1-ஐத் தேர்ந்தெடுத்தால் எதுவும் அச்சாகாது. லினக்ஸில் டிரைவர் இல்லாமலே, நிர்வாகி உரிமையோடு, இப்படிச் சோதிக்கலாம்:

```
printf 'VANAKKAM\r\n\f' > /dev/usb/lp0
```

ஒரு வரி அச்சாகி, காகிதம் வெளியே தள்ளப்பட்டால் அடாப்டர் சரி. பல வரிகளை அச்சிடும்போது இடையிடையே ஒரு வெற்று வரி விழுந்தால், 14-ஆம் பின் கீழே இறங்கி நிற்கிறது அல்லது பிரிண்டரின் டிப் ஸ்விட்ச் தானாக வரி தள்ளும்படி வைக்கப்பட்டிருக்கிறது.

அடாப்டரின் தரத்தை நிலைப் பைட்டே காட்டிக்கொடுக்கும். காகிதம் இருக்கும்போது பதில் 0x18. காகிதத்தை உருவியதும் 12 உயரும், 15 இறங்கும். வரவேண்டிய பதில் 0x30. ஆன்லைன் பட்டனைத் தட்டி நிறுத்தினால், 13 கட்டப்பட்டிருக்கும் பிரிண்டரில் 0x10. அதுதான் தீப்பற்றிய சேர்க்கை. எது செய்தாலும் 0x18 என்றே சொல்லும் அடாப்டர் நிலைக் கம்பிகளைப் படிக்கவில்லை. அதோடும் அச்சடிக்கலாம், ஆனால் காகிதம் தீர்ந்த செய்தி திரைக்கு வராது. வேலை வரிசையில் அசையாமல் நிற்கும்.

வாங்கும்போது ஏமாற இடமுண்டு. பழைய ஸ்கஸி சாதனங்களின் முனை அச்சில் இதே தோற்றம், ஆனால் 50 தகடுகள். நீளத்தை அளந்தாலே தெரிந்துவிடும். 25 பின் ஆண் முனையுள்ள யு.எஸ்.பி. அடாப்டர் கண்ணில் பட்டால் அது சீரியல். பிரிண்டர் கேபிளின் முனையும் ஆண் என்பதால் இரண்டும் ஒன்றில் ஒன்று செருகாது. இடையில் ஒரு பால்மாற்றியை வைத்து வலிந்து சேர்ப்பதுதான் ஆபத்து. சீரியலின் 2-ஆம் பின்னில் சும்மா இருக்கும்போதே எதிர்மறை வோல்ட்டேஜ் நிற்கும், அது 5 வோல்ட் பிரிண்டரின் முதல் தரவுக் கம்பியில் பாயும்.

பழைய டாஸ் கணக்கு நிரல் LPT1-க்குத்தான் அச்சனுப்பும் என்றால், பிரிண்டரைப் பகிர்ந்துவிட்டு அந்தப் பெயரை இப்படித் திருப்பலாம். KANINI என்பது கம்ப்யூட்டரின் பெயர், LX800 பகிர்வின் பெயர்:

```
net use LPT1 \\KANINI\LX800 /persistent:yes
```

DOS-இன் வழியாக அச்சனுப்பும் நிரலுக்கு இது போதும். 0x378, 0x379 முகவரிகளைத் தானே நேரடியாகத் தொடும் நிரலுக்குப் போதாது. அடாப்டர் பிரிண்டர் வேடமிட்டிருக்கிறதே ஒழிய அந்த முகவரிகளில் எதுவும் இல்லை. மென்பொருள் பூட்டுகள், ஜிப் டிரைவ், பழைய ஸ்கேனர் எல்லாம் அடாப்டரில் இயங்காமல் போவது இதனால்தான். பிரிண்டரே இல்லாமல் பிரிண்டர் போர்ட்டில் குடியேறிய அவற்றை இந்த வாரமே சொல்வதாக இருந்தது; 15-ஆம் பின் இடத்தை எடுத்துக்கொண்டது. அவை அடுத்த இதழில்.