பந்து துள்ளினால் நடை வரும்

அனிமேஷன் கற்க வருபவர்கள் முதல் வாரத்திலேயே ஒரு உருவத்தை நடக்கவிட ஆசைப்படுவார்கள். ஆனால் முதலில் எடுக்க வேண்டியது ஒரு பந்தை. பந்துக்குக் கை, கால், முகம் எதுவும் கிடையாது. அதனிடம் இருப்பது எடை மட்டும்தான். நடையிலும் பார்ப்பவர் கண் முதலில் தேடுவது அந்த எடையைத்தான். அதனால்தான் பன்னிரண்டு வாரத்தில் முதல் நான்கைப் பந்துக்கே ஒதுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே பழக, இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருள் போதும். அதில் வழக்கமாக ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். சுமார் 1.2 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பந்து அரை நொடியில், அதாவது 12 ஃப்ரேமில் தரையைத் தொடும். தரையில் பட்டு, பாதி உயரத்துக்கு அது எழும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உயரம் பாதி, எனவே நேரமும் பாதி என்று எண்ணி 6 ஃப்ரேம் கொடுத்தால், பந்தை யாரோ கீழே பிடித்து இழுப்பதுபோல் தெரியும். 6 ஃப்ரேம் என்பது கால் பங்கு உயரத்துக்கான நேரம். பாதி உயரத்துக்கு ஏற 8 ஃப்ரேம், இறங்க இன்னொரு 8 வேண்டும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் பந்து இறகுபோல மெல்லத் தரையிறங்கினால், குற்றம் மென்பொருளின் வழக்கத்தில் இருக்கிறது. இரண்டு கீ ஃப்ரேம்களுக்கு இடையிலான அசைவை பிளெண்டர் தானாகவே இரு முனைகளிலும் மெதுவாக்கிவிடும். உச்சியில் அது பொருந்தும். அங்கே பந்து உண்மையிலேயே தயங்கித்தான் திரும்புகிறது. தரையைத் தொடும்போதோ அதன் வேகம் உச்சத்தில் இருக்க வேண்டும். `Graph Editor` திறந்து, தரையைத் தொடும் புள்ளியைத் தேர்ந்து, `V` அழுத்தி `Vector` கொடுத்தால், உருண்டிருந்த வளைவின் அடி கூராகும். பந்துக்கு உடனே எடை வந்துவிடும்.

மூன்றாவது வாரம் இரும்புக் குண்டும் பிங்பாங் பந்தும் ஒரே உயரத்திலிருந்து விழட்டும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் தரையைத் தொடும். வித்தியாசம் தொட்ட பிறகு எத்தனை முறை, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பதில் இருக்கிறது. நான்காவது வாரம் பந்தை நசுக்கவும் நீட்டவும் பழகலாம். உயரத்தை 0.8 ஆகக் குறைத்தால் அகலத்தையும் ஆழத்தையும் 1.12 ஆகக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் காற்றுப் போன பந்தாகிவிடும்.

அடுத்த இரண்டு வாரம் பந்துக்கு ஒரு வால். பந்து நின்ற பிறகும் வாலின் நுனி இரண்டு மூன்று ஃப்ரேம் தாமதமாக வந்து சேர வேண்டும். பின்னால் கை வீச்சுக்கு இந்தத் தாமதம்தான் உதவும். ஏழாவது, எட்டாவது வாரங்களில் பந்துக்கு இரண்டு கால் முளைக்கிறது. பயிற்சி ஒன்றே ஒன்று: ஒரு காலைத் தூக்கி நிற்பது. உடல் முதலில் ஊன்றிய காலுக்கு மேல் சாய வேண்டும், அதன்பிறகே மற்றக் கால் எழ வேண்டும். வரிசை மாறினால் உருவம் கயிற்றில் தொங்குவதுபோலிருக்கும்.

ஒன்பதாவது வாரம்தான் நடை. 1988இல் வெளிவந்த ‘ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்’ படத்தின் அனிமேஷன் இயக்குநர் ரிச்சர்ட் வில்லியம்ஸ் 2001இல் எழுதிய ‘தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்’ நூலில் நடைக்குத் தந்திருக்கும் இடம் மிகப் பெரியது. வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஒரு எட்டுக்கு 12 ஃப்ரேம் என்று கொள்வோம். 1ஆம் ஃப்ரேமில் முன்காலின் குதி தரையைத் தொடுகிறது. 4இல் எடை அந்தக் காலில் இறங்க, முழங்கால் மடங்கி உடல் தாழ்கிறது. 7இல் மற்றக் கால் கடந்து போகிறது. 10இல் உடல் உச்சிக்கு ஏறுகிறது. 13இல் மறு குதி தரையில். இடுப்பு ஏறி இறங்குவதைப் பார்த்தால், நான்கு வாரம் துள்ளவிட்ட பந்தின் உறவு தெரியும்.

பத்தாவது வாரம் பலரும் திணறுவது கால் வழுக்கலில். உருவம் ஒரே இடத்தில் நடக்கும்போது ஊன்றிய பாதம் தரையோடு சீராகப் பின்னே போக வேண்டும். எட்டின் நீளம் 72 சென்டிமீட்டர் என்றால் ஃப்ரேமுக்கு 6 சென்டிமீட்டர். இங்கேயும் அதே பழைய வழக்கம்தான் கெடுக்கிறது: முனைகளில் மெதுவாகவும் நடுவில் வேகமாகவும் பாதம் நகர்ந்து, பனிக்கட்டியில் நடப்பதுபோலாகும். பாதம் பின்னே போகும் அந்தப் பகுதிக்கு `T` அழுத்தி `Linear` கொடுத்தால் சரியாகிவிடும்.

பதினொன்றாவது வாரம் கைகள், முதுகு, தலை. கால் சரியாகும் முன் இவற்றைத் தொட வேண்டாம். கால் மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரிடும். கடைசி வாரம் சுழற்சியை மூடுவது. 25ஆம் ஃப்ரேம் 1ஆம் ஃப்ரேமின் நகலாகவே இருக்க வேண்டும், ஆனால் ஓடவிடுவது 1 முதல் 24 வரை மட்டுமே. 25ஐயும் சேர்த்து ஓட்டினால் ஒரே நிலை அடுத்தடுத்து இருமுறை வந்து, ஒவ்வொரு சுற்றிலும் நடை ஒரு கணம் தடுக்கும்.