விடாது கருப்பு: வாரம் ஒன்றா, ஒரே மூச்சிலா?

90களின் கடைசியில் சன் டிவியில் ‘மர்மதேசம்’ வரிசையில் வந்த ‘விடாது கருப்பு’ வாரத்துக்கு ஒரு தடவைதான். இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். ஊரில் தப்பு செய்கிறவர்களைக் கருப்பு சாமியே வந்து தண்டிக்குதா, இல்ல சாமி பேரைச் சொல்லி யாரோ ஒரு ஆளா என்பதுதான் முடிச்சு. இப்போ அதே தொடர் யூடியூபில் கிடக்கிறது. நாலைந்து ராத்திரி கண் முழித்தால் தீர்த்துவிடலாம். ரெண்டு விதமாவும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்றேன், ரெண்டும் ஒரே அனுபவம் இல்லை.

எங்க மார்க்கையன்கோட்டையில் அந்த ஆறு நாள் இடைவெளி சும்மா போகாது. வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனாலும் டீக்கடையில் உட்கார்ந்தாலும், “யாருப்பா அந்தக் கருப்பு?” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். ஒருத்தர் வைத்தியரைச் சொல்வார், இன்னொருத்தர் சாமிதான் என்று அடித்துச் சொல்வார். இந்த வாக்குவாதத்துக்கு நடுவில் போன வாரக் காட்சியை நாலு தடவை திருப்பிச் சொல்லியிருப்போம். பார்த்ததை மறுபடி நினைவிலிருந்து எடுக்க எடுக்க அது இறுகுகிறது. அடுத்த பகுதியை வெறும் பார்வையாளனா இல்லாம, பந்தயம் கட்டினவனாப் போய் உட்காருவோம்.

மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஒரு சோதனை இதோடு ஒத்துப்போகிறது. பிபிசியின் ‘தி கேம்’ தொடரை மாணவர்களில் ஒரு குழு வாரம் ஒன்றாக, ஒரு குழு தினம் ஒன்றாக, இன்னொரு குழு ஒரே அமர்வில் பார்த்தது. மறுநாள் கேட்டபோது ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் ஞாபகம் இருந்தது, வாரக் குழுவுக்குக் குறைவு. ஆனால் 140 நாள் கழித்துக் கேட்டபோது, ஒரே மூச்சுக் குழுவின் ஞாபகம்தான் அதிகமாகச் சரிந்திருந்தது. ரசித்ததாகச் சொன்ன அளவும் அவர்களிடம்தான் குறைவு. சின்னச் சோதனைதான், ஒரே தொடர்தான். அதனால் எல்லாத் தொடருக்கும் இதுதான் சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒரே மூச்சில் பார்ப்பதற்கும் நியாயம் உண்டு. ‘விடாது கருப்பு’ ராஜேந்திரனின் சிறுவயசுக்கும் இப்போதைய காலத்துக்கும் மாறி மாறிப் போகும். வாராவாரம் பார்த்தபோது எது முன்னாடி நடந்தது என்று எங்க வீட்டில் சண்டையே வந்திருக்கு. தொடர்ந்து பார்த்தால் அந்த இழை அறுவதில்லை. சிக்கல் வேற இடத்தில். மூணாவது பகுதிக்கு மேல் அந்தப் பயம் பழகிவிடுகிறது. ஒவ்வொரு பகுதியும் பதற வைத்து நிற்கும் இடம் அடுத்த வாரம்வரை நம்மை இழுப்பதற்காகப் போட்ட முடிச்சு. பத்து நொடியில் அவிழ்ந்தால் அதுக்கு என்ன வேலை?

2022 ஜூனில் ‘சுழல்’ எட்டுப் பகுதியும் ஒரே நாளில் வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி அன்னைக்கே முடிச்சிட்டான். நான் ராத்திரிக்கு ரெண்டு என்று போனேன். “அண்ணே, யாருன்னு சொல்லட்டுமா?” என்று நாலு நாளும் வாசலில் நின்றான். அந்த நாலு நாளும் எனக்கு அவனோடு பேச வழியில்லை. ஐந்தாம் நாள் நான் பேசப் போனபோது, அவன் வேற தொடருக்குப் போயிருந்தான்.