ஒன்பதுக்கு ஒன்பது, பத்துக்கு ஆறு

எக்மோ என்ற சொல் தமிழ்நாட்டில் வீடுவீடாகப் பரவியது 2016 டிசம்பரில். அன்றைய முதல்வர் ஜெயலலிதா அந்தக் கருவியின் துணையோடு சிகிச்சை பெறுவதாக மருத்துவமனை அறிவித்தது. நான்கு ஆண்டு கழித்து எஸ்.பி.பாலசுப்ரமணியத்துக்கும் அதே கருவி. ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, மறுபடி உள்ளே அனுப்பும் இயந்திரம் அது. நுரையீரல் தேறும்வரை அதன் வேலையை இது பார்த்துக்கொள்ளும்.

இந்தக் கருவி பச்சிளங்குழந்தைகளைக் காப்பாற்றுமா என்று 1980-களில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் சோதித்துப் பார்த்தார்கள். பிறந்த பிறகும் நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் இறங்காமல் மூச்சுக்குப் போராடும் குழந்தைகள் அவர்களிடம் வந்தார்கள். சிலருக்கு எக்மோ, சிலருக்கு வழக்கமான வென்டிலேட்டர் சிகிச்சை. யாருக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை, குலுக்கல் முறை முடிவு செய்தது. கூடவே ஒரு விதியும் வைத்துக்கொண்டார்கள்: ஏதாவது ஒரு பிரிவில் நான்கு இறப்பு நேர்ந்துவிட்டால் குலுக்கலை நிறுத்திவிட வேண்டும், அதற்குப் பிறகு வருகிற குழந்தைகளுக்கு மற்றச் சிகிச்சைதான். தெரிந்தே குழந்தைகளைப் பலி கொடுக்க யாருக்கும் மனம் வராது அல்லவா?

குலுக்கல் நின்றபோது கையில் இருந்த கணக்கு இவ்வளவுதான்:

| | இறந்தவர் | பிழைத்தவர் | மொத்தம் |
|---|---|---|---|
| எக்மோ | 0 | 9 | 9 |
| வழக்கமான சிகிச்சை | 4 | 6 | 10 |
| மொத்தம் | 4 | 15 | 19 |

எக்மோவில் ஒன்பதுக்கு ஒன்பதும் பிழைத்தன. மற்றதில் பத்துக்கு ஆறு. பார்த்தவுடன் எக்மோதான் மேல் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் இருப்பது 19 பேர். நோய் முற்றிய நான்கு குழந்தைகள் குலுக்கலில் யதேச்சையாக ஒரே பக்கம் போய் விழுந்திருக்கலாமே? அதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டுச் சொல்வதுதான் புள்ளியியல் சோதனையின் வேலை.

இப்படி இரண்டு வரிசை, இரண்டு பத்தி கொண்ட அட்டவணை என்றால் கல்லூரியில் எல்லாருக்கும் சொல்லித்தருவது கை-வர்க்கச் சோதனை. சிகிச்சையால் எந்த வித்தியாசமும் இல்லை என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்று முதலில் போடுவார்கள். எக்மோ பிரிவில் எதிர்பார்க்கும் இறப்பு, ஒன்பதை நான்கால் பெருக்கிப் பத்தொன்பதால் வகுத்தால் 1.9. மற்றப் பிரிவில் 2.1. நடந்தது இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரே எண்ணாகத் திரட்டி, அந்த எண் தற்செயலாக வரும் வாய்ப்பை ஒரு வளைகோட்டிலிருந்து படித்துக்கொள்வார்கள். இங்கே அந்த எண் 4.56, வாய்ப்பு 0.033. நூற்றுக்கு மூன்று சொச்சம். நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே வந்தால் தற்செயல் அல்ல என்று கொள்வது ஆய்வுலக வழக்கம். ஆகவே எக்மோவுக்கு வெற்றி.

வம்பு அந்த வளைகோட்டில் இருக்கிறது. அது வழவழப்பானது, இடைவெளியே இல்லாதது. ஆயிரக்கணக்கானவர் உள்ள அட்டவணைக்கு அது அச்சாகப் பொருந்தும். நம் அட்டவணையிலோ எக்மோ பக்கம் இறந்தவர் எண்ணிக்கை 0, 1, 2, 3, 4 என்ற ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஐந்தே ஐந்து படிகளை வளைகோடாகப் பாவித்தால் விடை பிசகும். எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் கை-வர்க்கத்தை நம்பாதே என்ற பழைய விதி இதனால் வந்தது. ஆய்வேடுகளில் இந்த விதியையே பலர் தவறாகப் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டத்தில் 0 என்றோ 3 என்றோ பார்த்ததும் பதறுகிறார்கள். விதி பேசுவது கண்ணில் படும் எண்ணைப் பற்றி அல்ல, எதிர்பார்த்திருக்க வேண்டிய எண்ணைப் பற்றி. நம் அட்டவணையில் 1.9, 2.1 என்று இரண்டு கட்டங்கள் அதில் மாட்டுகின்றன.

பிசகைச் சரிசெய்ய யேட்ஸ் திருத்தம் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் 0.033 என்பது 0.116 ஆகிவிடுகிறது. அதே 19 குழந்தைகள்தான். ஒரு கணக்கில் வெற்றி, இன்னொன்றில் தோல்வி.

படிகள் ஐந்துதான் என்றால் வளைகோடு எதற்கு, நேரடியாகவே எண்ணிவிடலாமே என்பதுதான் ரொனால்ட் ஃபிஷரின் துல்லியச் சோதனை. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மியூரியல் பிரிஸ்டல் என்ற பெண் விஞ்ஞானி, கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றாராம். அதை எட்டுக் கோப்பை வைத்துச் சோதிக்கும் முறையை ஃபிஷர் 1935-இல் தம் நூலில் விளக்கினார். பாடப்புத்தகங்கள் அந்தக் கதையை வேண்டிய மட்டும் சொல்லிவிட்டன. நாம் குழந்தைகளிடமே திரும்புவோம்.

எக்மோவால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் இறந்த நான்கு குழந்தைகளும் எந்தப் பிரிவில் இருந்திருந்தாலும் இறந்திருப்பார்கள். குலுக்கல் தீர்மானித்தது அவர்கள் எந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை மட்டும்தான். பத்தொன்பது சீட்டை ஒரு குடத்தில் போட்டு, நான்கில் மட்டும் கறுப்புப் புள்ளி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒன்பதை எக்மோ பக்கம் எடுத்து வைப்பதுபோல. நான்கு புள்ளிச் சீட்டும் எடுக்காத பத்திலேயே தங்கிவிடுவதற்கு என்ன வாய்ப்பு?

பத்தொன்பது இடங்களில் நான்கு புள்ளிகள் அமரக்கூடிய வழிகள் மொத்தம் 3,876. நான்குமே வழக்கமான சிகிச்சையின் பத்து இடங்களுக்குள் அமரும் வழிகள் 210. எக்மோ பக்கம் ஒன்று வருவதற்கு 1,080 வழி, இரண்டுக்கு 1,620, மூன்றுக்கு 840, நான்கும் எக்மோ பக்கமே வந்துவிட 126. ஐந்தையும் கூட்டினால் சரியாக 3,876. தோராயம் எதுவும் இல்லை, வளைகோடும் இல்லை. பள்ளியில் படித்த சேர்மானக் கணக்கு போதும்.

பாஸ்டனில் நடந்தது முதல் படி. அதன் வாய்ப்பு 210-ஐ 3,876-ஆல் வகுத்தால் 0.054.

இங்கே ஒரு கேள்வி. எக்மோ நல்லதா என்று மட்டும் கேட்கிறோமா, இல்லை, நல்லதோ கெட்டதோ வித்தியாசம் உண்டா என்று கேட்கிறோமா? முதலாவது என்றால் 0.054-உடன் கணக்கு முடிந்தது. இரண்டாவது என்றால் எதிர்க்கோடியையும் பார்க்க வேண்டும். நடந்ததற்குச் சமமான அல்லது அதைவிடக் குறைந்த வாய்ப்புள்ள படிகளை எல்லாம் சேர்த்துக்கொள்வது வழக்கம். நான்கும் எக்மோ பக்கம் விழும் 126 வழிகள் 210-ஐவிடக் குறைவு என்பதால் அவையும் சேரும். 336-ஐ 3,876-ஆல் வகுத்தால் 0.087. ஆர் மென்பொருளும் இதையேதான் சொல்கிறது:

```
> fisher.test(matrix(c(0, 4, 9, 6), nrow = 2))$p.value
[1] 0.08668731
```

எந்தக் கேள்வி என்பதை அட்டவணையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். விடை வந்த பிறகு, சிறிய எண்ணாக எது இருக்கிறதோ அதைப் பொறுக்கிக்கொள்வது கள்ள ஆட்டம்.

ஆக, கை-வர்க்கம் 0.033 என்று சொன்ன இடத்தில் உண்மையான எண்ணிக்கை 0.087 என்கிறது. இரண்டும் 0.05 என்ற கோட்டின் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கின்றன. அட்டவணையில் ஆள் குறையும்போது எந்தச் சோதனையைப் போடுகிறோம் என்பதே முடிவைத் தீர்மானித்துவிடும் ஆபத்து இதுதான்.

ஆனால் ஃபிஷர் சோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. அந்த ஐந்து படிகளை இன்னொரு முறை பாருங்கள். எக்மோவுக்குச் சாதகமாக இதைவிட நல்ல முடிவு கிடைக்குமா? கிடைக்காது. பூஜ்யம் இறப்புக்குக் கீழே படியே இல்லை. அந்த உச்ச வெற்றிக்கே 0.054-தான் வருகிறது என்றால், எக்மோ எவ்வளவு நல்ல கருவியாக இருந்தாலும் 19 பேர், நான்கு இறப்பு என்ற இந்த அட்டவணையில் 0.05 கோட்டைத் தாண்டவே முடியாது. பரீட்சையில் முழு மதிப்பெண் எடுத்தாலும் ஃபெயில் என்றால் குற்றம் மாணவன்மேல் இல்லை. சிறு அட்டவணையில் இந்தச் சோதனை கஞ்சத்தனம் காட்டும் என்று புள்ளியியலார் குறை சொல்வது இதைத்தான். ஆகவே 0.087 வந்தால் ‘எக்மோவால் பயன் இல்லை’ என்று எழுதுவது தப்பு. ‘இத்தனை பேரை வைத்துச் சொல்ல முடியவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இன்னொரு நெருடலும் உண்டு. எக்மோவுக்கு 9 பேர், மற்றதற்கு 10 பேர், மொத்த இறப்பு 4 என்று ஓரக் கூட்டல்களை எல்லாம் மாறாதவையாகக் கொண்டுதான் நாம் எண்ணினோம். தேநீர்ச் சோதனையில் இது நியாயம். நான்கு கோப்பையில் பால் முதலில் என்று அந்தப் பெண்மணிக்கு முன்கூட்டியே சொல்லியாயிற்று, அவரும் நான்கைத்தான் பொறுக்குவார். மருத்துவ ஆய்விலோ எத்தனை பேர் இறப்பார்கள் என்று யாரும் முன்பே நிர்ணயிப்பதில்லை. பாஸ்டனில் நிலைமை இன்னும் சிக்கல். ஒரு பிரிவில் நான்கு இறப்பு வந்ததால்தான் ஆய்வே நின்றது. இந்த ஓரக் கூட்டல் சங்கதியை எதிர்த்து ஜார்ஜ் பர்னார்ட் 1945-இல் வேறொரு சோதனையை முன்வைத்தார். பிறகு அவரே அதிலிருந்து பின்வாங்கினார். சச்சரவு இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், சிறு அட்டவணைக்கு ஃபிஷரைப் போட்டுவிட்டு, அதன் கஞ்சத்தனத்தை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மையான வழி.

குலுக்கல் நின்ற பிறகு வந்த 20 குழந்தைகளுக்கும் விதிப்படி எக்மோவே கொடுத்தார்கள். 19 பிழைத்தன. இவர்களையும் அட்டவணையில் சேர்த்துவிட்டால் எக்மோவில் 29-க்கு 28 என்றாகும். ஒருபக்கச் சோதனையில் ஃபிஷரின் எண் 0.011-க்கு இறங்கிவிடும். கை துறுதுறுக்கத்தான் செய்யும். ஆனால் இந்த 20 பேர் குலுக்கலில் வந்தவர்கள் அல்லர். குடத்திலிருந்து கண்ணை மூடி எடுத்த சீட்டு என்ற அடிப்படைமேல்தான் 3,876 என்ற எண்ணே நிற்கிறது. அது இல்லையென்றால் 0.011-க்குப் பொருளும் இல்லை.

சந்தேகத்தைத் தீர்த்தது பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வு. 1996-இல் வெளியான அதன் கணக்கில் 185 குழந்தைகள். எக்மோ பிரிவில் 93 பேரில் 30 பேர் இறந்தார்கள், மற்றதில் 92 பேரில் 54 பேர். இங்கே மிகச் சிறிய கட்டத்தில்கூட எதிர்பார்க்கும் எண்ணிக்கை 41-க்கு மேல். கை-வர்க்கத்தைப் போட்டாலும் ஃபிஷரைப் போட்டாலும் விடை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழேதான் வருகிறது.