உள்விளிம்பைத் தின்னும் ஒரு மில்லிமீட்டர்

பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றும்போதுதான் பலர் இதைப் பார்க்கிறார்கள். வெளியே தெரியும் பக்கத்தில் டயரின் பட்டன் நன்றாகவே இருக்கும். உள்பக்க விளிம்பு மட்டும் வழித்தெடுத்தாற்போல மொட்டையாகி, கம்பி எட்டிப் பார்க்கும். 'அலைன்மென்ட் செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லையே' என்பார் காரின் சொந்தக்காரர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அலைன்மென்ட் சரியாகச் செய்திருந்தும் டயர் இப்படித் தேய வழி உண்டு.

உள்விளிம்புத் தேய்மானத்தில் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு கோணங்கள். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை காரின் உள்பக்கம் சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். மேலிருந்து பார்க்கும்போது, பாதங்களை அகட்டி வைத்து நிற்பவரைப் போல, இரு சக்கரங்களின் முன்பக்கமும் வெளியே விரிந்திருந்தால் அது டோ அவுட். பலரும் கேம்பரைத்தான் சந்தேகிக்கிறார்கள். ஆனால் அரை டிகிரி உள்சாய்வைப் பல கார்களில் தயாரிப்பாளரே வைத்திருப்பார். அதனால் மட்டும் டயர் சீக்கிரம் போய்விடாது. டயரை வேகமாகத் தின்பது டோதான். கேம்பரில் டயர் சாய்ந்தாவது உருளும். டோ கெட்டால் உருளும்போதே பக்கவாட்டில் இழுபடும்.

இரண்டையும் பிரித்தறியக் கை போதும். டயரின் மேல் உள்ளங்கையைக் குறுக்கே, உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவிப் பார்க்க வேண்டும். இரு திசையிலும் வழவழப்பாக இருந்தால் கேம்பர். ஒரு திசையில் வழுக்கி, மறுதிசையில் ரம்பப் பல்லைப் போல உரசினால் டோ.

இனி, அந்த மூன்று மாதக் கணக்குக்கு வருவோம். சாதாரண முன்சக்கர இயக்கக் கார் ஒன்றில் சக்கரத்தின் அடிப்பகுதியைப் பிடித்திருப்பது லோயர் ஆர்ம். அதன் ஒரு முனையில் ரப்பர் புஷ்கள், மறுமுனையில் பால் ஜாயின்ட். காரின் எடை இருக்கும் நிலையில் சக்கரத்தின் அடிப்பகுதி எப்போதும் வெளியே போகவே முயலும். ஆர்ம்தான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. புஷ் கிழிந்தோ பால் ஜாயின்ட் தேய்ந்தோ போனால் அடிப்பகுதி 1 மி.மீ. வெளியே நகர்கிறது. இதனால் கேம்பர் மாறுவது சுமார் 0.1 டிகிரிதான். டோவின் கதை வேறு. பெரும்பாலான இத்தகைய கார்களில் ஸ்டியரிங் ராக் அச்சுக்குப் பின்னால் இருப்பதால், டை ராடு சக்கரத்தின் பின்பக்கத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். சக்கரம் அந்த இடத்தில் ஊன்றி முன்பக்கம் வெளியே திரும்பும். டை ராடு பற்றும் ஸ்டியரிங் கையின் நீளம் 120 மி.மீ. என்றால், 120-க்கு 1 என்பது ஏறக்குறைய அரை டிகிரி டோ அவுட்.

கார் நேராக ஓடும்போது இரு முன்சக்கரங்களும் இந்த விலகலைப் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்படியும் ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு 4 மீட்டர் பக்கவாட்டில் தரையைத் தேய்த்தபடி போகிறது. ஒரு பக்கத்து புஷ் போனாலும் இரு டயர்களின் உள்விளிம்பும் கரைய இதுவே காரணம். தேய்ந்த டயர் இருக்கும் பக்கத்தில்தான் கோளாறு என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

அலைன்மென்ட் எந்திரம் நிற்கும் காரை அளக்கிறது. தளர்ந்த புஷ் அந்த நேரத்தில் எங்கே அமர்ந்திருக்கிறதோ அதற்கேற்ப டை ராடைத் திருகித் திரையில் பச்சை நிறம் வரவழைத்துவிடலாம். சாலையில் முதல் குழியிலோ அழுத்தமான பிரேக்கிலோ புஷ் வேறிடத்துக்குப் போய்விடும். ஆகவே ஆட்டம் பார்க்காமல் அலைன்மென்ட் செய்வது வீண் செலவு.

ஆட்டம் பார்க்கும் முறை எளிது. காரைத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டின் அல்லது பேரிங்கின் தளர்ச்சி தெரியும். அப்போது ஒருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராடு எண்ட். லோயர் ஆர்ம் புஷ் மட்டும் கையாட்டத்துக்குப் பெரும்பாலும் அகப்படாது. கடப்பாரை போன்ற நெம்புகோலால் நெம்பி, ரப்பர் வாய் பிளக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

புது ஆர்ம் மாட்டும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுகிறார்கள். கார் தரையிறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு, சில மாதங்களில் கிழிந்துவிடும். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். அலைன்மென்ட் அதற்கும் பிறகு. அப்போதும் ஒரு பக்கக் கேம்பர் மட்டும் அளவுக்குள் வரவில்லை என்றால், ஸ்ட்ரட்டோ நக்கிளோ வளைந்திருக்கிறதா, ஸ்பிரிங் தாழ்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை.